பழைய வாடிக்கை, புது விலை

நெடுநாள் வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொல்லும்போது மறுப்பது, புதிதாக வந்தவரை மறுப்பதைவிடக் கடினமான வேலை. புதியவரிடம் "கட்டாதுங்க" என்ற ஒரு சொல் போதும். அவர் அடுத்த கடைக்குப் போவார், அல்லது ஒத்துக்கொள்வார். பழையவருக்கு அந்த ஒரு சொல் போதாது. அவர் கேட்பது பணத்தை மட்டுமல்ல. இத்தனை ஆண்டு வந்து போனதற்கு ஒரு மதிப்பு உண்டா என்றும் சேர்த்தே கேட்கிறார். பணத்தை மறுத்து மதிப்பைக் கொடுக்க முடிந்தால் உறவு நிற்கும். பல வியாபாரிகள் இரண்டையும் சேர்த்தே மறுத்துவிடுகிறார்கள், அல்லது இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் பிறகு வீட்டில் புலம்புகிறார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகத்தில் 2022ஆம் ஆண்டு கோடையில் நடந்த ஒரு பேச்சு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்போது அந்த அச்சகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்தான் இக்கட்டுரையாளர். கேட்டவர் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் மாணவர் கையேட்டை அங்கேதான் அடிப்பார்: பள்ளி விதிகள், பாட அட்டவணை, விடுமுறைப் பட்டியல், வீட்டுப்பாடம் குறிக்கும் பக்கங்கள். டெம்மி அளவில் 96 பக்கம், 2,000 பிரதிகள், மேலே நாலு வண்ண அட்டை, அதற்கு லேமினேஷன். 2019இல் பிரதி 24 ரூபாய்க்கு அடித்தார். பிறகு பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்தன, கையேடும் இல்லை. 2022இல் மறுபடி வந்தபோது அச்சகம் சொன்ன விலை, வரி நீங்கலாக 28 ரூபாய்.

"என்ன அண்ணாச்சி, பழகின ஆளுகிட்டேயே இப்படிச் சொல்றீங்க? பத்து சதவீதம் குறைச்சுப் போடுங்க" என்றார் தாளாளர்.

இந்த இடத்தில் வாய் தானாகச் சொல்ல வருவது "பார்க்கலாம்ங்கய்யா" என்பதுதான். மறுப்பைக் கெடுக்கும் முதல் சொல்லும் அதுவே. சொல்பவருக்கு அது மரியாதையான மறுப்பு. கேட்பவருக்கோ அது பாதிச் சம்மதம். பள்ளிக்குத் திரும்பிப் போய் அலுவலகத்தில் "பத்து சதவீதம் குறைப்பாங்க" என்று சொல்லிவிடுவார். அப்புறம் மறுத்தால் அவர் தம் ஆட்கள் முன்னால் பொய்யராகிறார். விலை கொடுக்காததைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, தலைகுனிய வைத்ததைப் பொறுக்கிறவர்கள் குறைவு. அதனால் மறுப்பதாக இருந்தால் அதே இருப்பில், அவர் எழுந்து போவதற்கு முன் மறுத்துவிட வேண்டும். "பார்ட்னரைக் கேட்டுச் சொல்றேன்" என்று இல்லாத கூட்டாளியின் தலையில் போடுவதும் இதே வகைதான். பழைய வாடிக்கையாளருக்குக் கூட்டாளி உண்டா இல்லையா என்பது நன்றாகவே தெரியும்.

உடனே மறுக்க வேண்டுமென்றால் கணக்கு கையில் இருக்க வேண்டும். விலை சொல்லும்போதே, எதுவரை இறங்கலாம் என்று உரிமையாளர் தமக்குள் முடிவு செய்திருக்க வேண்டும். அந்த அச்சகத்தின் கணக்கு இப்படி இருந்தது. அச்சுத் தொழிலில் 16 பக்கம் ஒரு பாரம். 96 பக்கத்துக்கு ஆறு பாரம். 2,000 பிரதிக்கு ஒரு பாரத்துக்கு இரண்டு ரீம் தாள் வேண்டும். ஆறு பாரத்துக்கும் பன்னிரண்டு ரீம், கழிவுக்கு அரை ரீம். 23க்கு 36 அங்குலத்தில் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஒரு ரீம் ஏறக்குறைய 18.7 கிலோ எடை வரும். ஆக மொத்தம் சுமார் 234 கிலோ. கிலோ 90 ரூபாய் என்றால் தாளுக்கு மட்டும் 21,000. பிளேட்டுகளுக்கு 3,000, அச்சுக் கூலி 6,000, அட்டை அதன் அச்சு லேமினேஷன் எல்லாமாக 9,500, மடித்து அடுக்கி ஒட்டி மூன்று பக்கமும் வெட்டித் தரும் பைண்டிங் 6,000, பக்க வடிவமைப்புக்கும் வண்டிக்குமாக 2,500. கூட்டினால் 48,000.

பிரதி 28 ரூபாய் வீதம் பில் 56,000. மிச்சம் 8,000. வாடகை, மின்கட்டணம், இயந்திரப் பழுது, உரிமையாளர் வீட்டுச் செலவு எல்லாம் அந்த எட்டாயிரத்திலிருந்துதான். தாளாளர் கேட்ட பத்து சதவீதம் 5,600 ரூபாய். கேட்பவர் கண்ணில் அது பத்தில் ஒரு பங்கு. கொடுப்பவருக்கோ பத்தில் ஏழு பங்கு. தள்ளுபடிப் பேச்சு கசப்பில் முடிவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டு பார்வைகளின் இடைவெளிதான். "பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூடவா விட மாட்டீங்க?" என்று ஒருவர் உண்மையாகவே வியக்கிறார். மற்றவர் தம் லாபம் முழுவதையும் கேட்பதாக நினைத்து உள்ளுக்குள் கொதிக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் இந்தக் கணக்கை எடுத்து வாடிக்கையாளர் முன் விரித்து வைத்துவிடலாமா? பலரும் அதுதான் நேர்மை என்று நினைக்கிறார்கள். அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. கணக்கு முழுவதும் மேசைக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பேரமாகிவிடும். "பைண்டிங்குக்கு மூன்று ரூபாயா? எங்க ஊர்ல ரெண்டுக்குப் பண்றாங்களே" என்று ஆரம்பித்தால் மாலைவரை ஓடும். கடைசியில் எட்டாயிரத்தைக் காட்டி "இது எதுக்கு?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் நிலை எந்த வியாபாரிக்கும் வரக்கூடாது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு காரணம். அதுவும் வாடிக்கையாளர் தாமே சரிபார்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும்.

அந்த ஆண்டு அப்படி ஒரு காரணம் இருந்தது. 2021 கடைசியிலிருந்து தாள் விலை ஏறிக்கொண்டே போனது. கூழும் கழிவுத் தாளும் வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் கூலி ஏறியிருந்தது, நிலக்கரி விலை ஏறியிருந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் ஒரே நேரத்தில் திறந்ததால் தேவையும் கூடியது. தாள் வியாபாரிகள் இன்று சொன்ன விலையை அடுத்த வாரம் வைத்திருக்க மாட்டோம் என்றார்கள். 2019இல் 65 ரூபாய்க்கு வாங்கிய அதே தாளுக்கு இப்போது 90. பிரதிக்கு ஏறிய நான்கு ரூபாயில் ஏறக்குறைய மூன்று ரூபாய் தாளுக்கே போனது. தாளாளர் தம் பள்ளிக்கே பரீட்சைத் தாள் வாங்குபவர். இது அவருக்குத் தெரியாததல்ல.

உரிமையாளர் சொன்ன பதில் நீளமில்லை. "ஐயா, 28க்குக் கீழே எனக்குக் கட்டாது. 65 ரூபாய்க்கு வாங்கின தாள் இன்னைக்கு 90. உங்களுக்குன்னு தனியா ஏத்திச் சொல்லலை, உங்களுக்குன்னு இறக்கவும் முடியலை." அவ்வளவுதான். அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. விலை மாறாது என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. காரணம் ஒன்றே. மூன்றாவது வாக்கியம், "என்னை ஏமாற்றுகிறாரோ" என்ற மனக்குறைக்குப் பதில். "மன்னிச்சுக்கோங்க" என்ற சொல் அதில் இல்லை. நியாயமான விலைக்கு மன்னிப்புக் கேட்டால், விலையில் ஏதோ தப்பு இருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது: ஒன்றும் நடக்கவில்லை. தாளாளர் பேசவில்லை. மேசை மேலிருந்த பழைய கையேட்டைப் புரட்டினார். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. உரிமையாளரும் பேசவில்லை. இந்த மௌனத்தில்தான் பெரும்பாலான வியாபாரிகள் தோற்கிறார்கள். எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்க்க முடியாமல் தாங்களே "சரி, அஞ்சு சதவீதம் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். யாரும் கேட்காத அந்த ஐந்து சதவீதம் இரண்டு விதத்தில் கெடுதல். 2,800 ரூபாய் போவது ஒன்று. சற்று முன் "கட்டாது" என்று சொன்னது பொய் என்று ஆகிவிடுவது இன்னொன்று. அடுத்த ஆண்டு அவர் மௌனமாக இருப்பதையே பேரமாக்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தாளாளர் அடுத்து எடுத்தது எல்லோரும் எடுக்கும் ஆயுதம்தான். "சிவகாசியில 25 ரூபாய்க்குத் தர்றதாச் சொல்றாங்க." இதற்குக் கோபப்படுவதும் "அங்கே தரம் இருக்காது" என்று இகழ்வதும் பயனில்லாத பதில்கள். சிவகாசியின் அச்சுத் தரம் நாடறிந்தது. அதைக் குறை சொன்னால் சொல்பவரின் பேச்சுதான் எடுபடாமல் போகும். உரிமையாளர் கொட்டேஷனைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். தாளாளர் செல்பேசியில் காட்டினார். தாள் 58 ஜிஎஸ்எம். லாரி வாடகை தனி. முழுத் தொகையும் முன்பணம். "நல்ல விலைதான்யா. ஆனா இது வேற சரக்கு. இதே தாள்ல நான் போட்டாலும் விலை இறங்கும்" என்றார் உரிமையாளர். போட்டியாளரைக் குறைத்துப் பேசவில்லை, ஒப்பீட்டை மட்டும் நேராக்கினார். ஒரே சரக்கு, ஒரே தவணை, ஒரே வாசலில் இறக்கித் தருவது என்று வைத்துப் பார்த்தால், இப்படிப்பட்ட விலை வித்தியாசங்களில் பெரும்பகுதி காணாமல் போவதுண்டு. போகாவிட்டால், அங்கே நிஜமாகவே மலிவு என்று ஒப்புக்கொள்வதுதான் வழி.

முன்பணம் என்ற சொல் இன்னொரு விஷயத்தையும் வெளியே கொண்டுவந்தது. அந்தப் பள்ளி கையேட்டை ஜூனில் வாங்கிக்கொண்டு பணத்தைச் செப்டம்பரில்தான் கொடுக்கும். கட்டணம் வசூலாகிற வேகம் அப்படி. அந்த மூன்று மாதமும் தாள் கடைக்காரருக்குச் சொந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு அச்சகம் காத்திருக்கும். பழைய வாடிக்கையாளருக்கு வியாபாரி ஏற்கெனவே கொடுத்துவரும் தள்ளுபடி இது. எந்த பில்லிலும் எழுதப்படாததால் இருவருமே மறந்துவிடுகிறார்கள். இதை மறுப்பின்போது குத்திக்காட்டக்கூடாது. "மூணு மாசம் கடன் சொல்றீங்களே" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதன்பிறகு எந்தச் சலுகையும் வடுவை ஆற்றாது. ஆனால் அதை ஒரு வழியாகத் திறந்துவைக்கலாம். "பாதிப் பணம் முன்னாடியே வந்தா ரொக்கத்துக்குத் தாள் எடுப்பேன், அதில மிச்சமாகிறது உங்களுக்கு" என்று உரிமையாளர் சொன்னார். தாளாளர் தலையை ஆட்டி, "இப்ப முடியாதுய்யா" என்றார். இப்போது மறுப்பது அவர் முறை. அதையும் உரிமையாளர் முகம் மாறாமல் வாங்கிக்கொண்டார்.

விலையை விடாமல் பில்லைக் குறைக்கும் வழி ஒன்று எப்போதும் உண்டு: சரக்கை மாற்றுவது. நல்லெண்ணம் காப்பாற்றப்படுவது பெரும்பாலும் இங்கேதான். வாடிக்கையாளருக்கு உண்மையில் தேவை ஒரு தொகைக்குள் அடங்குவது. அதற்கு வழி காட்டுவது வியாபாரியின் தொழில் அறிவு. 70 ஜிஎஸ்எம்முக்குப் பதில் 60 போட்டால் தாளில் ஏழில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3,000 ரூபாய், மிச்சமாகும். ஆனால் பிள்ளைகள் மை பேனாவில் எழுதும் பக்கங்கள் அவை. 60இல் எழுத்து பின்பக்கம் தெரியும். இதை அச்சகமே முன்வந்து சொன்னது. இப்படிச் சரக்கின் குறையைத் தானே சொல்லும் வியாபாரியை வாடிக்கையாளர் நம்பத் தொடங்குகிறார்.

அடுத்து வந்தது பக்கம் குறைப்பது. தாளாளர் பென்சிலை வாங்கி, 2019 கையேட்டை முதலிலிருந்து புரட்டத் தொடங்கினார். பழைய முதல் மதிப்பெண் மாணவர்களின் படங்கள் நான்கு பக்கம், மூலையை மடித்தார். ஆண்டு விழாப் பரிசுப் பட்டியல், மடித்தார். கடைசியில் யாரும் எழுதாத 'குறிப்புகள்' பக்கங்கள். பத்துப் பக்கம் சேர்ந்ததும் "இது போதுமா?" என்றார். போதாது. பத்துப் பக்கம் எடுத்தால் 86 பக்கம். அதற்கும் அச்சகம் ஆறு பாரம்தான் ஓட்ட வேண்டும், வெற்றுத் தாள் வீணாகுமே தவிர செலவு குறையாது. முழுப் பாரமாக, பதினாறு பக்கம் எடுத்தால்தான் உண்டு. இன்னும் ஆறு பக்கம் தேடினார். நிர்வாகக் குழுவின் வாழ்த்துரைகளில் பென்சில் சற்று நின்றது. தம் வாழ்த்துரையை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரே பக்கத்தில் அடக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

ஒரு பாரம் போனதில் தாள் 3,500, இரண்டு பிளேட் 500, அச்சுக் கூலி 1,000, ஆக 5,000 குறைந்தது. பில் 51,000 ஆனது. பிரதி 25 ரூபாய் 50 காசு. தாளாளர் கேட்ட பத்து சதவீதம் கழித்தால் வரும் விலை 25 ரூபாய் 20 காசு. கேட்டதற்கு முப்பது காசு தள்ளி அவர் வந்து நின்றார். அச்சகத்தின் எட்டாயிரமும் அப்படியே இருந்தது. இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். குறையும் செலவு முழுவதையும் வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஐயாயிரம் குறைந்ததில் மூவாயிரத்தை மட்டும் காட்டி மீதியை வைத்துக்கொள்ளும் புத்திசாலித்தனம், அடுத்த முறை அவர் பக்கத்தைக் கூட்டச் சொல்லும்போது அதே மூவாயிரத்தை எதிர்பார்ப்பதில் வந்து நிற்கும்.

எல்லா வாடிக்கையாளரும் இப்படிப் பென்சில் எடுப்பதில்லை. சரக்கு மாறக்கூடாது, விலை மட்டும் இறங்க வேண்டும் என்று நிற்பவர்களிடம் சிலர் கையாளும் ஒரு வழி உண்டு. தொழிலில் அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வாயால் சம்மதித்துவிட்டு, 70 என்று எழுதி 60 ஜிஎஸ்எம் தாளை ஏற்றிவிடுவது. சண்டை இல்லை, முகமும் வாடவில்லை. ஆனால் தாளை எடை போட்டால் தெரிந்துவிடும். டெம்மி அளவில் 96 பக்கம் என்பது 48 தாள். 70 ஜிஎஸ்எம்மில் அட்டை நீங்கலாக 101 கிராம் இருக்கும், 60இல் 87 கிராம்தான். மளிகைக் கடைத் தராசு போதும் கண்டுபிடிக்க. அப்படி ஒருமுறை அகப்பட்ட அச்சகத்தின் பழைய பில்கள் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் சந்தேகிப்பார், சந்தேகிக்கவும் வேண்டும். முகத்துக்கு நேரே சொல்லும் "முடியாது" இதைவிடப் பல மடங்கு மேல்.

இன்னொரு வழக்கம், கேட்பார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே பத்து சதவீதம் ஏற்றிச் சொல்லி, பிறகு பெருந்தன்மையாக இறக்குவது. இது நெடுநாள் ஓடும் தந்திரம்தான். ஒரே ஊரில் இரண்டு பள்ளித் தாளாளர்கள் ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரும் நாள் வரை ஓடும். கேட்டவருக்கு 25, கேட்காமல் நம்பிக் கொடுத்தவருக்கு 28 என்று தெரிந்தால், கோபப்படுபவர் இரண்டாமவர்; அவர்தான் நல்ல வாடிக்கையாளர். தள்ளுபடியை மறுப்பதில் உள்ள நியாயமும் இதிலிருந்தே வருகிறது. ஒருவருக்குக் குறைப்பது, குறைக்கச் சொல்லத் தெரியாதவர்களிடம் கூடுதலாக வாங்குவதாகவே முடிகிறது. ஒருமுறை இறக்கிய விலை அடுத்த ஆண்டுக்குப் படிக்கட்டின் முதல் படி; பேரம் அங்கிருந்துதான் கீழே போகும்.

குறைக்கத் தக்க இடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2,000க்குப் பதில் 4,000 பிரதி என்றால் பிளேட், வடிவமைப்பு, வண்டிச் செலவு மாறாது. 5,500 ரூபாயை இரண்டாயிரம் பிரதிகள் சுமந்தது போய் நாலாயிரம் பிரதிகள் சுமக்கும். பிரதிக்கு ஒரு ரூபாயும் சில்லறையும் குறையும், அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். அந்தக் குறைப்பு பழக்கத்துக்கானதல்ல, எண்ணிக்கைக்கானது. அதே எண்ணிக்கையோடு யார் வந்தாலும் அதே விலை என்று சொல்ல முடியும்.

மறுத்த பிறகு உறவைக் காப்பது பேச்சில் இல்லை, சரக்கு போய்ச் சேரும் விதத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை ஜூன் 13இல் பள்ளிகள் திறந்தன. கையேடு அதற்கு முந்தைய வாரமே பள்ளி வாசலில் இறங்கியது. புரூஃப் வழக்கமாக ஒரு முறை காட்டுவார்கள். இம்முறை விடுமுறைப் பட்டியல் கடைசி நேரத்தில் மாறியதால் முகம் சுளிக்காமல் இன்னொரு முறை காட்டினார்கள். கழிவுக்கு ஒதுக்கிய தாளில் மிஞ்சிய பிரதிகளைத் தனியாகக் கட்டி, எண்ணிக்கையில் சேர்க்காமல் கொடுத்தார்கள். இவையெல்லாம் அச்சகத்துக்குப் பெரிய செலவில்லை. தள்ளுபடிக்குப் பதிலாக இதைச் செய்கிறோம் என்று யாரும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் அதுவும் பேரக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

பணம் வழக்கம்போல் செப்டம்பரில் வந்தது. 2023இல் தாளாளர் வந்தபோது விலை குறைக்கச் சொல்லவில்லை, "தாள் என்ன விலை போகுது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். எடுத்த பதினாறு பக்கங்களில் பரிசுப் பட்டியல் திரும்பி வந்தது, வாழ்த்துரைகள் வரவில்லை.

எல்லோரும் அப்படித் திரும்பி வந்ததாகச் சொல்ல முடியாது. அதே கோடையில், அதே பதிலைக் கேட்ட ஒரு டுடோரியல்காரர் கோபித்துக்கொண்டு போனார், போனவர் போனவர்தான். அவருக்கு இறங்கிக் கொடுத்திருக்கலாமோ என்று அச்சகத்தில் சில நாள் பேச்சு ஓடியது. கணக்குப் புத்தகத்தில் அவர் பெயரில் இரண்டு ஆண்டு பழைய நிலுவை இருந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. பழைய வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்டு வரும்போது, பதில் சொல்வதற்கு முன் அவர் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.